கவினுக்கான மாலை அட்டவணை: பத்தாம் வகுப்பு, ஜூலை முதல் இரண்டு வாரங்களுக்கு

கவின் அம்மாவுக்கு வணக்கம்.

கடந்த இரண்டு சனிக்கிழமைகளும் கவினோடு உட்கார்ந்தபோது நோட்டைவிட அவன் கண்களைத்தான் அதிகம் பார்த்துக்கொண்டிருந்தேன். வேலையை ஆரம்பித்து எத்தனையாவது நிமிடத்தில் தலை நிமிர்கிறது என்று ஓரமாகக் குறித்து வைத்தேன்: 9, 14, 11, 8, 12. ஆக, அவன் கையில் இருப்பது ஏறக்குறைய பத்து நிமிடம். ஆனால் நல்ல பத்து நிமிடம். அதற்குள் போட்ட கணக்குகளில் ஒன்றில்தான் தப்பு. கால் மணி நேரத்தைத் தாண்டிப் போட்டவற்றில் சாதாரணக் கூட்டலே சறுக்குகிறது.

சுவரில் இப்போது ஒட்டியிருக்கும் அட்டவணையில் ‘6–7 கணக்கு, 7–8 அறிவியல், 8–9 சமூக அறிவியல்’ என்று இருக்கிறது. ஸ்கெட்ச் பேனாவில் அழகாக எழுதியிருக்கிறான், பாவம். அதைக் கழற்றிவிடலாம். ‘ஒரு மணி நேரம் கணக்கு’ என்றால் எதை எடுப்பது, எங்கே ஆரம்பிப்பது, எப்போது முடிந்தது என்று எதுவும் அவனுக்குத் தெரியவில்லை. ஒரு மணி நேரம் எவ்வளவு நீளம் என்பதே கவனச் சிதறல் உள்ள இவன் போன்ற பிள்ளைகளுக்குச் சரியாக உறைப்பதில்லை. ஒன்று ‘இப்போது’, இல்லையென்றால் ‘இப்போது இல்லை’. நடுவில் எதுவும் கிடையாது. அதனால் நேரம் கண்ணுக்குத் தெரிய வேண்டும், வேலை கைக்குள் அடங்க வேண்டும், நழுவினால் திரும்பி வர ஒரு வழி இருக்க வேண்டும். கீழே உள்ளது அப்படிப் போட்டதுதான். அதில் ‘சீட்டு’ என்பது பத்து நிமிடத்தில் முடிகிற ஒரே ஒரு வேலையை எழுதிய துண்டுத்தாள்.

திங்கள் முதல் வெள்ளி வரை

4:50 – வேன் வந்ததும் பை ஹாலில் நீல ஸ்டூல் மேல். வேறு எங்கும் இல்லை.
4:50–5:40 – டிபன், சைக்கிள். படிப்புப் பேச்சே வேண்டாம்.
5:40 – சீட்டு எழுதும் நேரம், ஐந்து நிமிடம்.
5:45–5:55 – சீட்டு 1 (கணக்கு)
5:58–6:08 – சீட்டு 2 (கணக்கு)
6:11–6:21 – சீட்டு 3 (தமிழ் அல்லது ஆங்கிலம், எழுதும் வேலை)
6:21–6:45 – பெரிய இடைவேளை
6:45–6:55 – சீட்டு 4 (அறிவியல்)
6:58–7:08 – சீட்டு 5 (அறிவியல், படம் வரைதல்)
7:11–7:21 – சீட்டு 6 (சமூக அறிவியல்)
7:21–8:15 – சாப்பாடு, தங்கையோடு விளையாட்டு, டிவி
8:15–8:25 – சீட்டு 7 (மனப்பாடம்)
8:28–8:38 – சீட்டு 8 (இன்று பிடித்த பாடம் எதுவோ அது)
8:40 – நாளைக்கான பை அடுக்கி மீண்டும் நீல ஸ்டூல் மேல்.
9:45 – விளக்கு அணைப்பு.

மொத்தம் எண்பது நிமிடம். “பத்தாவது படிக்கிற பிள்ளைக்கு எண்பது நிமிடம்தானா?” என்று கவின் அப்பா கேட்பார். கேட்கட்டும். மூன்று மணி நேரம் உட்கார்ந்து அவன் எழுதியது ஒன்றரைப் பக்கம் என்று நீங்களே சொன்னீர்கள். எண்பது நிமிடம் உண்மையிலேயே படித்தால் அதற்கு மேலேயே வரும். கணக்கை முதலில் வைத்ததற்கு வேறு காரணம் இல்லை, சாப்பிட்ட பிறகு போட்ட கணக்குகளைப் பார்த்தேன், அவ்வளவுதான்.

சீட்டு

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தைப் பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டிக்கொள்ளுங்கள். ஒரு சீட்டில் ஒரு வேலை. வேலை பத்து நிமிடத்தில் முடிகிற அளவு இருக்க வேண்டும், எங்கே முடிகிறது என்பதும் அதிலேயே எழுதியிருக்க வேண்டும். ‘கணக்கு போடு’ என்பது சீட்டு ஆகாது. போன வாரம் நாங்கள் எழுதிய சீட்டு இது: ‘பயிற்சி 1.1, முதல் கணக்கு. A × B மட்டும். எழுதி முடித்ததும் பேனாவை மூடு.’ B × A அடுத்த சீட்டில் வந்தது. அவன் சிரித்தான், “இது ரொம்பச் சின்னதாக இருக்கே மிஸ்” என்றான். ஆறு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்ததை அவனே எடுத்தான்.

அறிவியலுக்கு ஒன்று: ‘அட்டை பாடம். படத்தைப் பார்த்து வரை, ஐந்து பாகம் குறி. புத்தகத்தை மூடு.’ சமூக அறிவியலுக்கு: ‘முதல் உலகப்போர், முதல் இரண்டு பத்தி. சத்தமாக வாசி. மூன்று கேள்வி நீயே எழுது.’ படி என்று மட்டும் எழுதினால் கண் வரியில் ஓடும், மனம் மைதானத்தில் ஓடும். கை, வாய், கால் ஏதாவது ஒன்று அசையும்படி எழுதுங்கள். மனப்பாடச் செய்யுளை நடந்துகொண்டே சொல்லட்டும். ஒரு நாளைக்கு ஒரு குறள் போதும், வியாழனன்று நான்கையும் சேர்த்துச் சொல்லலாம்.

வீட்டுப்பாடம் வாட்ஸப் குரூப்பில் வருகிறது என்றீர்கள். 5:40-க்கு நீங்கள் போனைப் பார்த்து வாசியுங்கள், அவன் சீட்டில் எழுதட்டும். அப்புறம் போன் சமையலறை மேல் தட்டுக்குப் போய்விட வேண்டும், உங்கள் போனும் சேர்த்துத்தான்.

கண்ணுக்குத் தெரிய வேண்டியவை

மேசைக்கு எதிரே ஜன்னல் கம்பியிலிருந்து ஆணி வரை ஒரு கயிறு கட்டுங்கள். எட்டுச் சீட்டும் துணி கிளிப்பில் இடது பக்கம் தொங்கட்டும். முடிந்த சீட்டை அவனே எழுந்துபோய் வலது பக்கம் மாட்ட வேண்டும். கிளிப் நகர்வதைப் பார்ப்பதில் அவனுக்கு ஒரு திருப்தி இருக்கிறது. எங்கள் அறையில் அதற்காகவே ஒரு சீட்டைச் சீக்கிரம் முடித்தான். நீங்களும் ஹாலிலிருந்தே எத்தனை முடிந்தது என்று பார்த்துக்கொள்ளலாம், கேட்க வேண்டியதில்லை.

நேரத்துக்கு, முள் உள்ள சுவர்க் கடிகாரம் மேசை மேல். மொபைல் டைமர் வேண்டாம், அணைக்கப் போகிறவன் அப்படியே யூடியூபில் இறங்கிவிடுவான். கடிகாரக் கண்ணாடியில் ஒயிட்போர்டு மார்க்கரால், நிமிட முள் இருக்கும் இடத்திலிருந்து பத்து நிமிடம் தள்ளி வரை பட்டையாகத் தீட்டுங்கள். முள் அந்தப் பட்டையைத் தின்றுகொண்டே போவது தெரியும். அடுத்த சீட்டுக்குத் துடைத்துவிட்டு அவனே தீட்டட்டும். மணி அடிக்க ஒரு சமையலறை டைமர் இருந்தால் நல்லது. குக்கர் விசிலை வைத்துக் கணக்குப் பண்ணலாமா என்று கேட்டீர்களே, அது பருப்பின் இஷ்டத்துக்கு அடிக்கும். வேண்டாம்.

மேசையில் அந்தச் சீட்டுக்கு வேண்டிய புத்தகம், நோட்டு, ஒரு பேனா. மீதி எல்லாம் முதுகுக்குப் பின்னால். வலது கைப் பக்கம் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, மேலே ‘அப்புறம்’ என்று எழுதுங்கள். படிக்கும்போது ‘மேட்ச் என்ன ஆச்சு’, ‘சைக்கிள் செயின்’ என்று ஏதாவது தோன்றினால் இரண்டு வார்த்தை அதில் எழுதிவிட்டுத் திரும்பட்டும். பெரிய இடைவேளையில் அதைப் பார்த்துக்கொள்ளலாம். போன வாரம் பதினொன்று எழுதினான். இடைவேளையில் அவன் கேட்டது இரண்டைத்தான்.

மூன்று நிமிடம்

சீட்டுக்கும் சீட்டுக்கும் இடையிலுள்ள மூன்று நிமிடத்தை ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். இந்த அட்டவணை நிற்பதே அதன் மேல்தான். மணி அடித்ததும், வேலை முடியாவிட்டாலும், எழுந்துவிட வேண்டும். மாடிப்படி ஏறித் துளசித் தொட்டியைத் தொட்டுவிட்டு வரலாம். முகம் கழுவலாம், பாட்டில் நிரப்பலாம், இருபது தோப்புக்கரணம் போடலாம். (தண்டனையாக இல்லை, அவனே தேர்ந்தெடுத்தது.) டிவி, போன், கேரம் கூடாது. அவை மூன்று நிமிடத்தில் முடிகிற சமாச்சாரங்கள் இல்லை.

இந்த மூன்று நிமிடத்துக்கும் டைமர் வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் அட்டவணை உடைவது படிப்பில் இல்லை, இடைவேளையிலிருந்து திரும்பும்போதுதான். அவன் கிளம்பும் முன்பே அடுத்த சீட்டு மேசை நடுவில், புத்தகம் அந்தப் பக்கத்தில் திறந்து, பேனா மூடி கழற்றி இருக்க வேண்டும். திரும்பி வந்தால் யோசிக்கவே இடம் இருக்கக் கூடாது.

முடியாத சீட்டு? அதிலேயே எங்கே நின்றான் என்று ஒரு அம்புக்குறி போட்டு, இடது பக்கமே தொங்கவிட்டு அடுத்ததுக்குப் போகலாம். இழுத்துப் பிடித்து முடிக்க வைக்காதீர்கள்.

குலைந்துபோகும் நாட்கள்

குலையும். விருந்தாளி வருவார்கள், கரண்ட் போகும், பள்ளியில் யாராவது ஏதாவது சொல்லியிருப்பார்கள். ஏழு மணிக்குத்தான் உட்கார்ந்தான் என்றால் சீட்டு 1-லிருந்து ஆரம்பிக்க வேண்டாம். கடிகாரம் எங்கே இருக்கிறதோ அங்கே ஏறிக்கொள்ளட்டும்: 7:11, சீட்டு 6. தவறிய ஐந்தையும் ராத்திரி பதினொன்று வரை உட்கார்ந்து அடைக்கக் கூடாது. அவற்றில் இரண்டு மட்டும் நாளைக்குப் போகலாம், மீதி சனிக்கிழமை டப்பாவில். ரொம்ப மோசமான நாளுக்கு ‘மூன்று சீட்டு நாள்’ என்று பெயர் வைத்திருக்கிறோம். கணக்கு ஒன்று, எழுத்து ஒன்று, குறள் ஒன்று. அந்த நாளையும் முழு நாளாகவே காலண்டரில் டிக் பண்ணுங்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பதரைக்கு டப்பாவைத் திறந்து ஆறு சீட்டு. ஞாயிறு விடுமுறை, அதில் பேரம் இல்லை.

உங்கள் வேலை

பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். பாடம் சொல்லித் தர வேண்டாம். கீரை ஆயலாம், துணி மடிக்கலாம். ஒருவர் பக்கத்தில் அமைதியாக ஏதோ செய்துகொண்டிருந்தால் அவன் நிலைத்து உட்காருகிறான், நானே பார்த்தேன். கண் அலைந்தால் “எந்தச் சீட்டு?” என்று மட்டும் கேளுங்கள். “கவனம்”, “மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா”, “உன் தங்கையைப் பார்” மூன்றையும் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வைக்கலாம். கால் ஆட்டினால் ஆட்டட்டும்.

பரிட்சையில் மூன்று மணி நேரம் உட்கார வேண்டுமே என்ற பயம் எனக்கும் உண்டு. ஆனால் அந்தத் தாளும் துண்டுகள்தான். கணக்கில் 14 ஒரு மதிப்பெண், 10 இரண்டு மதிப்பெண், 10 ஐந்து மதிப்பெண், 2 எட்டு மதிப்பெண். டிசம்பர் வாக்கில் அதைச் சீட்டுகளாக வெட்டி, நடுவில் எழுந்திருக்காமல் பேனாவைக் கீழே வைத்து ஐந்து மூச்சு விடுவதை மூன்று நிமிடத்துக்குப் பதிலாகப் பழக்கலாம். அதற்கு முன் பத்து நிமிடத்தைப் பன்னிரண்டாக்குவதுகூட, இரண்டு வாரம் தொடர்ந்து ஆறு சீட்டாவது வலது பக்கம் போன பிறகுதான்.

எழுத்துக் குறைபாட்டுக்கான பரிசோதனையையும் டாக்டர் சொன்னார் அல்லவா, அதைத் தள்ளிப்போடாதீர்கள். கற்றல் குறைபாடு 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டப் பட்டியலில் இருக்கிறது. கவனச் சிதறல் தனியாக அதில் இல்லை. சான்றிதழ் எதற்குக் கிடைக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் கூடுதல் நேரம் கேட்க முடியும். தலைமையாசிரியரிடம் இந்த மாதமே பேசிவிடுங்கள். மாத்திரை நேரத்தை மட்டும் நாமாக மாற்ற வேண்டாம்.

அடுத்த சனிக்கிழமை வரும்போது வலது பக்கச் சீட்டு, இடது பக்கச் சீட்டு, ‘அப்புறம்’ தாள் எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டு வாருங்கள். கசங்கியதையும் தூக்கிப் போடாதீர்கள். எந்தச் சீட்டு அடிக்கடி இடது பக்கமே தொங்குகிறது என்று கவினும் நானும் உட்கார்ந்து பார்த்து, அதை இரண்டாக வெட்டுவோம்.