மழைநீர் வடிகால் டெண்டர்: நிராகரிப்புக் கடிதத்தின் திருத்திய வரைவு

பொறியாளர் சாருக்கு,

நீங்கள் அனுப்பிய வரைவைத் திருத்திக் கீழே வைத்திருக்கிறேன். ஆணையர் கையெழுத்துக்குப் போகும் முன் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

"வெளியூர் ஒப்பந்ததாரர் என்பதால் பணியிடத்தைத் தொடர்ந்து கவனிப்பது சிரமம்" என்ற வரியை எடுத்துவிட்டேன். உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும் என்று நாம் அறிவிப்பில் கேட்கவே இல்லை. "வேறு ஊர்களில் தாமதம் செய்தவர் எனத் தெரிய வருகிறது" என்பதற்குக் கோப்பில் ஒரு காகிதம்கூட இல்லை. "குழுவுக்குத் திருப்தி அளிக்கவில்லை" என்பதும் போய்விட்டது. எதில் திருப்தி இல்லை என்று கேட்டால் நம்மிடம் பதில் கிடையாது.

வரிசை எண் 2-க்குரியவரின் ஆவணத்தில் 14-ஆம் பக்கத்தில் கையொப்பம் இல்லை என்பது உண்மைதான். ஆனால் பணி பெறுகிறவரின் ஆவணத்திலும் ஒரு பக்கம் கையொப்பம் இல்லாமல்தான் வந்தது. அவரிடம் விளக்கம் கேட்டு வாங்கிக்கொண்டோம். ஒருவருக்கு விட்டுக்கொடுத்த குறையை இன்னொருவருக்குக் காரணமாக எழுதினால் மேல்முறையீட்டில் முதல் கேள்வியே அதுதான். குழுவின் நடவடிக்கைக் குறிப்பிலும் அது காரணமாக இல்லை.

அப்புறம் மிஞ்சுவது அனுபவத் தகுதி ஒன்றுதான். அது போதும். ஆணையில் எழுதிய காரணத்தை வைத்துத்தான் அந்த ஆணை நிற்கும், பின்னால் பிரமாணப் பத்திரத்தில் புதுக் காரணம் சேர்க்க முடியாது என்று 1977-லேயே மொஹிந்தர் சிங் கில் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதற்குப் பயந்து ஐந்தாறு காரணங்களை அடுக்கினால், அவற்றில் பலவீனமானதைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

கடிதம் 1

ந.க.எண் 1184/2025/ஈ1
நாள்: 18.09.2025

அனுப்புநர்: ஆணையர், நகராட்சி அலுவலகம்
பெறுநர்: ஒப்பந்தப்புள்ளி வரிசை எண் 2-க்குரிய ஒப்பந்ததாரர்

பொருள்: வார்டு 11, மழைநீர் வடிகால் கட்டும் பணி – தங்கள் ஒப்பந்தப்புள்ளி மீதான முடிவு தெரிவித்தல் – தொடர்பாக.

பார்வை: 1. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு, நாள் 04.08.2025. 2. தங்கள் ஒப்பந்தப்புள்ளி, நாள் 25.08.2025. 3. தங்கள் விளக்கக் கடிதம், நாள் 01.09.2025. 4. மதிப்பீட்டுக் குழுவின் நடவடிக்கைக் குறிப்பு, நாள் 04.09.2025.

ஐயா,

பார்வை 2-இல் கண்ட தங்கள் ஒப்பந்தப்புள்ளி, தொழில்நுட்ப மதிப்பீட்டில் கீழ்க்கண்ட காரணத்தால் ஏற்கப்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

அறிவிப்பின் நிபந்தனை 6-இன்படி, 2020-21 முதல் 2024-25 வரையிலான 5 ஆண்டுகளில், ரூ.40 லட்சத்துக்குக் குறையாத மதிப்பில் வடிகால் பணி ஒன்றையாவது முடித்திருக்க வேண்டும். தாங்கள் அளித்த சான்றுகளில் 2022-23-இல் முடித்த பணியின் மதிப்பு ரூ.31.60 லட்சம், 2023-24-இல் முடித்த பணியின் மதிப்பு ரூ.22.75 லட்சம். இரண்டின் கூட்டுத்தொகை ரூ.40 லட்சத்தைத் தாண்டினாலும், நிபந்தனை ஒரே பணியின் மதிப்பையே குறிப்பிடுகிறது. ரூ.48 லட்சம் மதிப்புள்ள மூன்றாவது பணிக்குப் பணி ஆணை மட்டும் இணைக்கப்பட்டிருந்தது. அப்பணி இன்னும் நடைபெற்று வருவதாகப் பார்வை 3-இல் தாங்களே தெரிவித்துள்ளீர்கள்.

பங்கேற்ற மூவரின் சான்றுகளும் இதே நிபந்தனையை வைத்தே பரிசீலிக்கப்பட்டன. வேறு எந்தக் காரணமும் இம்முடிவுக்கு அடிப்படை அல்ல. தங்கள் விலைப்புள்ளி திறக்கப்படவில்லை.

தாங்கள் செலுத்திய முன்வைப்புத் தொகை 7 வேலை நாட்களுக்குள் தங்கள் வங்கிக் கணக்கில் திரும்பச் செலுத்தப்படும். இம்முடிவால் பாதிக்கப்பட்டதாகக் கருதினால், 1998-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் ஒளிவுமறைவின்மைச் சட்டத்தின் பிரிவு 11-இன்படி, இக்கடிதம் கிடைத்த 10 நாட்களுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். இம்முடிவு இனிவரும் ஒப்பந்தப்புள்ளிகளில் தாங்கள் பங்கேற்பதைப் பாதிக்காது.

ஆணையர்

கடிதம் 2: வரிசை எண் 3-க்குரியவருக்கு

விலையில் இரண்டாவதாக வந்தவருக்குக் கடிதம் சுருக்கமாகவே போகலாம். பார்வையில் 3-ஐ நீக்கி, தொழில்நுட்பக் காரணம் உள்ள பத்திகளுக்குப் பதிலாக இதை வையுங்கள். முன்வைப்புத் தொகை, மேல்முறையீடு பற்றிய பத்தி அப்படியே இருக்கட்டும். "விலை அதிகம்" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், தொகையைப் போட்டுவிடுங்கள்.

"தங்கள் ஒப்பந்தப்புள்ளி தொழில்நுட்ப மதிப்பீட்டில் தகுதி பெற்றது. 09.09.2025 அன்று, பங்கேற்றவர்கள் முன்னிலையில் திறக்கப்பட்ட விலைப்புள்ளிகளில் தாங்கள் குறிப்பிட்ட தொகை ரூ.1,03,42,180. ஏற்கப்பட்ட குறைந்தபட்சத் தொகை ரூ.98,76,450. வேறுபாடு ரூ.4,65,730. இந்த வேறுபாட்டின் காரணமாகவே தங்கள் ஒப்பந்தப்புள்ளி ஏற்கப்படவில்லை."

சட்டத்தின் பிரிவு 10-இன்படி நிராகரிப்புக் காரணங்கள் டெண்டர் செய்தி இதழ் அலுவலருக்கும் போக வேண்டும். இரண்டு கடிதங்களிலும் உள்ள வாசகத்தையே அங்கும் அனுப்புங்கள்; சுருக்கி எழுதப்போய் பழைய வரிகள் திரும்ப நுழைந்துவிட வேண்டாம்.

மேலாளர்