கடைக்காரர்களுக்கான வருமான வரி வழிகாட்டி: ITR-4 படிவமும் கழிவு விதிகளும்

தென்காசி கடைவீதி வணிகர்களுக்காக, 2024–25 நிதியாண்டுக் கணக்கிற்கு

2025ஆம் ஆண்டில் தாக்கல் செய்யக் கடைசி நாள் ஜூலை 31 அல்ல, செப்டம்பர் 16. படிவங்கள் மாறியதால் வருமான வரித் துறை தேதியைத் தள்ளி வைத்திருக்கிறது. ஆனாலும் ஆகஸ்ட் மாதத்திலேயே முடித்துவிடுங்கள். படிவத்தில் "Assessment Year" என்ற இடத்தில் 2025-26 என்றுதான் வரும். சம்பாதித்த ஆண்டு நிதியாண்டு, அதற்கு அடுத்தது மதிப்பீட்டு ஆண்டு.

யாருக்கு இந்தப் படிவம்

ஆண்டு விற்றுமுதல் 2 கோடி ரூபாய்க்குள் இருந்து, மொத்த வருமானம் 50 லட்சத்தைத் தாண்டாத கடைக்காரர்கள் ITR-4 போடலாம். ரொக்கமாக வந்தது மொத்த வரவில் 5 சதவீதத்துக்கு மேல் போகவில்லை என்றால் விற்றுமுதல் வரம்பு 3 கோடி. தனிநபர், இந்துக் கூட்டுக் குடும்பம், கூட்டாண்மை நிறுவனம் ஆகியோருக்கு இது பொருந்தும், எல்.எல்.பி.க்குப் பொருந்தாது.

கமிஷன் தொழிலுக்கும் ஏஜென்சிக்கும் இந்த வழி கிடையாது. மளிகைக்கடையோடு ரீசார்ஜ் கமிஷனோ காப்பீட்டு கமிஷனோ வருகிறதென்றால், அதை விற்பனையோடு சேர்த்து எழுதிவிடாதீர்கள். அப்படிப்பட்டவர்கள் கணக்கரைப் பார்த்துவிட்டுப் படிவத்தைத் தேர்ந்தெடுங்கள்.

வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்கிறது, எனக்கு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விற்றுமுதல் 60 லட்சத்தைத் தாண்டினால் வருமானம் எவ்வளவு குறைவாக இருந்தாலும் தாக்கல் கட்டாயம்.

லாபத்தை எப்படிக் கணக்கிடுவது

வருமான வரிச் சட்டத்தின் 44AD பிரிவின்படி, ரொக்கமாக வந்த விற்பனையில் குறைந்தது 8 சதவீதத்தை லாபமாகக் காட்ட வேண்டும். யு.பி.ஐ., கார்டு, வங்கிப் பரிமாற்றம், கோடிட்ட அக்கவுண்ட் பேயீ காசோலை இவற்றின் வழியாக வந்ததில் குறைந்தது 6 சதவீதம். மார்ச் மாதம் கடனுக்குக் கொடுத்த சரக்கின் பணம், தாக்கல் செய்யும் கடைசி நாளுக்குள் வங்கி வழியாக வந்துவிட்டால் அதற்கும் 6 சதவீதமே.

குறைந்தது என்ற சொல்லைக் கவனியுங்கள். உண்மை லாபம் அதைவிட அதிகம் என்றால் உண்மையைத்தான் எழுத வேண்டும்.

இனி வருவதுதான் மிக முக்கியம். அந்தச் சட்டப் பிரிவை மொழிபெயர்க்கும்போது நான் அதிக நேரம் செலவிட்டதும் இந்த வாக்கியத்தில்தான்: "30 முதல் 38 வரையுள்ள பிரிவுகளில் கிடைக்கும் கழிவுகள் அனைத்தும் ஏற்கெனவே முழுமையாகக் கொடுக்கப்பட்டுவிட்டதாகக் கொள்ளப்படும்; அந்தப் பிரிவுகளின்படி மேற்கொண்டு எந்தக் கழிவும் அனுமதிக்கப்படாது."

இதன் பொருள்: கடை வாடகை, கடைப் பையனுக்குக் கொடுத்த சம்பளம், கரண்ட் பில், வேன் வாடகை, வங்கிக் கடன் வட்டி, ஃபிரிட்ஜின் தேய்மானம் எல்லாம் அந்த மீதி 92 அல்லது 94 சதவீதத்துக்குள் அடங்கிவிட்டன. 8 சதவீதம் போட்டு லாபம் எடுத்தபின், அதிலிருந்து வாடகையைக் கழிக்கக் கூடாது. "கழிவு" என்ற ஒரே சொல் இரண்டு இடத்தில் வருவதால்தான் இந்தக் குழப்பம். ஒன்று தொழில் செலவுக்கான கழிவு, அது முடிந்துவிட்டது. இன்னொன்று உங்கள் சேமிப்புக்கும் காப்பீட்டுக்குமான கழிவு. அது பின்னால் வருகிறது. இந்த வழிகாட்டியில் முதலாவதைச் செலவுக் கழிவு என்றும், இரண்டாவதைச் சேமிப்புக் கழிவு என்றும் பிரித்தே எழுதியிருக்கிறேன்.

ஓர் உதாரணம். கடைவீதியில் ஒரு மளிகைக்கடை. ஆண்டு விற்றுமுதல் 1 கோடியே 10 லட்சம். ரொக்கம் 50 லட்சம். அதில் 8 சதவீதம் 4,00,000. யு.பி.ஐ.யும் வங்கி வரவும் 60 லட்சம். அதில் 6 சதவீதம் 3,60,000. லாபம் 7,60,000 ரூபாய்.

பழைய முறையா, புதிய முறையா

வரியைக் கணக்கிடப் பழையது, புதியது என இரண்டு முறைகள் உண்டு. எதுவும் சொல்லாவிட்டால் புதிய முறையில்தான் வரி கணக்கிடப்படும். அதில் சேமிப்புக் கழிவுகள் பெரும்பாலும் கிடையாது. நம் மளிகைக்கடைக்காரருக்குப் புதிய முறையில் முதல் 3 லட்சத்துக்கு வரி இல்லை, 7 லட்சம் வரை 5 சதவீதம், மீதி 60,000க்கு 10 சதவீதம். மொத்தம் 26,000, அதன்மேல் 4 சதவீதம் செஸ் சேர்த்து 27,040 ரூபாய்.

பழைய முறையில் 80C பிரிவில் எல்.ஐ.சி. பிரீமியம், பி.பி.எஃப்., பிள்ளைகளின் பள்ளிக் கல்விக்கட்டணம், வீட்டுக் கடன் அசல் எல்லாம் சேர்த்து 1,50,000 வரை கழிக்கலாம். 80D பிரிவில் குடும்பத்தின் மருத்துவக் காப்பீட்டுக்கு 25,000. 60 வயதைத் தாண்டிய பெற்றோருக்குக் கட்டினால் மேலும் 50,000. மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்தை ரொக்கமாகக் கட்டினால் கழிவு கிடையாது. இவை முழுவதும் உள்ளவருக்கு வருமானம் 5,35,000 ஆகக் குறைந்து, வரி செஸ்ஸுடன் 20,280 ஆகும். எல்.ஐ.சி. 40,000 மட்டுமே கட்டுபவருக்கோ 58,760 ஆகிவிடும். ஆகவே பாலிசி ரசீதுகளை எடுத்துக் கூட்டிப் பார்க்காமல் "பழையதே நல்லது" என்று முடிவு செய்யாதீர்கள்.

பழைய முறை வேண்டுமென்றால் கடைசி நாளுக்குள் Form 10-IEA தாக்கல் செய்ய வேண்டும். தொழில் வருமானம் உள்ளவர் ஒருமுறை பழையதற்குப் போய்விட்டுப் புதியதற்குத் திரும்பினால், தொழில் வருமானம் இருக்கும்வரை மீண்டும் பழையதற்குப் போக முடியாது. 2025–26 நிதியாண்டில் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை தள்ளுபடியால் வரியே வராது. ஆறாயிரம், ஏழாயிரம் வித்தியாசத்துக்காக இந்த ஆண்டு அந்தப் படிவத்துக்குள் போவது தேவைதானா என்று யோசியுங்கள். போகாதிருப்பதே மேல் என்பது என் கருத்து.

ஒரு சொல் விளக்கம்: வருமானத்திலிருந்து குறைப்பது கழிவு. கணக்கிட்ட வரியிலிருந்து குறைப்பது தள்ளுபடி. 2024–25 கணக்கில் 7 லட்சம் வருமானம் வரை புதிய முறையில் கிடைப்பது தள்ளுபடிதான். வரி வராது, ஆனால் தாக்கல் செய்தாக வேண்டும்.

திரையில் கேட்பவை

"Sundry Creditors" என்றால் மார்ச் 31 அன்று நீங்கள் மொத்த வியாபாரிகளுக்குத் தர வேண்டிய பாக்கி. "Sundry Debtors" என்றால் வாடிக்கையாளர்கள் உங்களுக்குத் தர வேண்டியது. "Inventories" கடையிலும் குடோனிலும் இருந்த சரக்கின் மதிப்பு. கொள்முதல் விலையில் எழுதுங்கள். "Cash-in-hand" அன்று இரவு கல்லாவிலும் வீட்டிலும் இருந்த வியாபாரப் பணம். இந்த நான்கும் கட்டாயம். பேரேடு வைக்காதவர்களும் கடன் நோட்டைப் பார்த்து எழுதலாம். பொய்யாகப் பூஜ்யம் போடாதீர்கள்.

ஜி.எஸ்.டி. பதிவு உள்ளவர்கள் அந்த எண்ணையும் ஜி.எஸ்.டி. கணக்கில் காட்டிய விற்பனையையும் எழுத வேண்டும். இரண்டு விற்றுமுதலுக்கும் பொருத்தம் இல்லையென்றால் நோட்டீஸ் வரக்கூடும். தாக்கலுக்கு முன், உங்கள் பேரில் பதிவான வரவுகளையும் பிடித்த வரியையும் காட்டும் AIS, 26AS இரண்டையும் வருமான வரித் தளத்தில் திறந்து பாருங்கள். தம்பி அனுப்பிய பணமும் சீட்டுப் பணமும் கடைக் கணக்கில் விழுந்திருந்தால் அவை விற்பனை அல்ல. எது யாருடையது என்று தனி நோட்டில் தேதியோடு குறித்து வையுங்கள்.

8 அல்லது 6 சதவீதத்துக்குக் குறைவாகக் காட்டினால்

அடுத்த ஐந்து ஆண்டுகள் இந்த எளிய வழி மூடப்படும். வருமானம் வரி வரம்பைத் தாண்டினால் கணக்குப் புத்தகமும் தணிக்கையும் கட்டாயமாகிவிடும். ஓர் ஆண்டு நட்டத்துக்காக இந்த முடிவை எடுப்பதற்கு முன் தணிக்கையாளரிடம் கேளுங்கள்.

செலுத்த வேண்டிய தேதிகள்

ஆண்டு வரி 10,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் மார்ச் 15க்குள் முழு முன்வரியும் கட்டியிருக்க வேண்டும். 44AD வழியில் செல்பவர்களுக்கு ஒரே தவணைதான். தவறியவர்கள் வட்டியோடு கட்டிவிட்டுத் தாக்கல் செய்யுங்கள். கடைசி நாளைத் தாண்டினால் 2025 டிசம்பர் 31 வரை தாமதக் கட்டணத்தோடு போடலாம்: வருமானம் 5 லட்சத்துக்குள் 1,000 ரூபாய், அதற்கு மேல் 5,000 ரூபாய்.

"Submit" அழுத்தியதோடு வேலை முடியாது. 30 நாளுக்குள் ஆதாரோடு இணைந்த கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யை இட்டுச் சரிபார்க்க வேண்டும். தாமதித்தால் சரிபார்த்த நாளே தாக்கல் செய்த நாளாகும். ஆதாரில் பழைய எண் இருப்பவர்கள் இந்த வாரமே மாற்றிவிடுங்கள்.

சந்தேகம் உள்ளவர்கள் ஜூலை 20 ஞாயிறு மாலை ஐந்து மணிக்குச் சங்க அலுவலகத்துக்கு வாருங்கள். வங்கி ஸ்டேட்மென்ட், கடன் நோட்டு, பாலிசி ரசீதுகள், பான், ஆதார் ஆகியவற்றைக் கொண்டுவாருங்கள். கடவுச்சொல்லை யாரிடமும் எழுதிக் கொடுக்காதீர்கள். நீங்களே இடுங்கள், நாங்கள் பக்கத்தில் இருந்து வழி சொல்கிறோம்.