கொட்டாங்குச்சி அகப்பை: பசையும் ஆணியும் இல்லாமல் (குறுங்காணொளி எழுத்துரு, 2 நிமிடம் 55 விநாடி)

செங்குத்துச் சட்டகத்தில் எடுக்கப்படும். பின்னணி இசை வேண்டாம். உப்புத்தாள் உரசும் ஒலியும் மரச்சுத்தியின் தட்டொலியும் அப்படியே கேட்க வேண்டும். திரையின் வலது மேல் மூலையில் உண்மையான வேலை நேரத்தைக் காட்டும் கடிகாரம் ஓடும்.

00:00 – 00:14
காட்சி: உள்ளங்கையில் ஒரு கொட்டாங்குச்சி இருக்கிறது, அதன் துளையிலிருந்து விளிம்பு வரை மயிரிழை போல ஒரு விரிசல் ஓடுகிறது. கட்டைவிரல் அதை மெல்ல அழுத்தியதும் விளிம்பில் ஒரு துண்டு பெயர்ந்து விழுகிறது.
குரல்: "சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்கிறோம், அந்த அகப்பையைச் செய்ய நான் எடுத்த முதல் கொட்டாங்குச்சி இது. துளையை விளிம்பை ஒட்டிப் போட்டதால் உடைந்தது. இரண்டாவதை உடையாமல் செய்து காட்டுகிறேன்."

00:14 – 00:36
காட்சி: பழைய செய்தித்தாளின் மேல் பொருள்கள் அனைத்தும் பரப்பப்பட்டிருக்கின்றன; பெயர் சொல்லும்போது விரல் அந்தந்தப் பொருளைத் தொடுகிறது.
குரல்: "கண் இல்லாத பாதிக் கொட்டாங்குச்சி ஒன்று, நன்றாக முற்றிக் காய்ந்த மூங்கில் பிளாச்சு ஒன்று, மூன்று வகை உப்புத்தாள், டிரில், அரம், கத்தி, மரச்சுத்தி, ஒரு தேக்கரண்டி தேங்காய் எண்ணெய். தூளுக்கு முகக்கவசம் கட்டாயம் வேண்டும்."
திரையில்: பிளாச்சு 35 செ.மீ. நீளம், 12 மி.மீ. அகலம், 6 மி.மீ. கனம் • உப்புத்தாள் 80, 150, 320 • டிரில் அலகு 2 மி.மீ., 6 மி.மீ. • வட்ட அரம், தட்டை அரம் • பென்சில், ஒட்டும் டேப்

இந்தப் பட்டியல் திரையில் குறைந்தது ஆறு விநாடி அசையாமல் நிற்க வேண்டும். பார்ப்பவர் நிறுத்திப் படம் பிடித்துக்கொள்ளும் இடம் இதுதான். இங்கே வெட்டி வெட்டிக் காட்டினால் காணொளியால் ஒரு பயனும் இல்லை.

00:36 – 00:58 | வேலை நேரம்: 0 முதல் 35 நிமிடம்
காட்சி: கொட்டாங்குச்சியின் மேல் உள்ள நார் கத்தி முனையால் சுரண்டப்படுகிறது. பிறகு மூன்று உப்புத்தாள்களும் வேகமாக்கப்பட்ட காட்சியாக வருகின்றன; சொரசொரப்பான பழுப்பு நிறம் மெல்ல அடர்ந்து, வரி வரியாக மினுமினுக்கத் தொடங்குகிறது.
குரல்: "தேங்காய்ச் சில்லு ஒட்டாதபடி சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் காய வைத்த கொட்டாங்குச்சி இது. எண் கூடக் கூட உப்புத்தாள் மென்மையாகும் என்பதால், 80-இல் தொடங்கி 320-இல் முடியுங்கள். பொறுமை முழுவதும் இங்கேதான் செலவாகும்."
திரையில்: நாகர்கோவில், திருநெல்வேலிக்காரர்களுக்கு: சிரட்டை

00:58 – 01:32 | வேலை நேரம்: 35 முதல் 45 நிமிடம்
காட்சி: விளிம்பிலிருந்து அளவுகோல் வைத்து இரண்டு புள்ளிகள் குறிக்கப்படுகின்றன; ஒன்றுக்கு எதிரே மற்றொன்று. புள்ளிகளின் மேல் டேப் ஒட்டப்படுகிறது. கொட்டாங்குச்சிக்குள் மரக்கட்டை ஒன்று முட்டுக் கொடுக்கிறது. டிரில் அலகு நுழையும் இடம் மிக அருகில் காட்டப்படுகிறது: கருந்தூள் சிறு குவியலாக எழுகிறது.
குரல்: "கைப்பிடி நுழையும் பக்கத்தில் விளிம்பிலிருந்து 15 மில்லிமீட்டர், எதிர்ப்பக்கத்தில் 25 மில்லிமீட்டர் இறக்கிக் குறியுங்கள், இந்த வேறுபாட்டால்தான் கைப்பிடி சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து, கையைச் சட்டியின் சூட்டிலிருந்து விலக்கி வைக்கும். முதலில் 2 மில்லிமீட்டர் அலகு, பிறகு 6 மில்லிமீட்டர். நுழையும் பக்கத்தில் விளிம்புக்கு இணையாக இரண்டு துளைகள் போட்டு, அவற்றை அரத்தால் ஒன்றாக்குங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரே துளை போதும்."
திரையில்: டிரிலை அழுத்த வேண்டாம், அதன் எடையே போதும். சுத்தியல் முறை அணைக்கப்பட்டிருக்க வேண்டும்.

01:32 – 02:02 | வேலை நேரம்: 45 முதல் 70 நிமிடம்
காட்சி: மூங்கில் பிளாச்சின் ஒரு முனை, கடைசி 12 செ.மீ. நீளத்துக்கு, இருபுறமும் கத்தியால் சீவப்படுகிறது. சுருள் சுருளாகச் சீவல்கள் விழுகின்றன. கத்தி எப்போதும் உடலுக்கு வெளிப்பக்கமாகவே செல்கிறது.
குரல்: "அகப்பையைத் தாங்கப்போவது இந்தச் சரிவுதான். 12 மில்லிமீட்டரில் தொடங்கும் அகலம் முனையில் 5 மில்லிமீட்டராகக் குறைய வேண்டும். கனத்தைத் தொட வேண்டாம், முனை வட்டத் துளையில் நுழைய அதன் மூலைகளை மட்டும் மழுக்குங்கள். பச்சை மூங்கிலை எடுத்தால், அது காயும்போது சுருங்கிக் கைப்பிடி ஆட்டம் கண்டுவிடும். காய்ந்த மூங்கிலோ நீர் பட்டதும் ஊறிப் பருத்துத் துளையை இறுக்கிக்கொள்ளும். பசை தேவைப்படாததற்கு அதுதான் காரணம்."

02:02 – 02:20 | வேலை நேரம்: 70 முதல் 80 நிமிடம்
காட்சி: கைப்பிடி பெரிய துளைக்குள் நுழைந்து, கிண்ணத்தைக் குறுக்கே கடந்து, எதிர்த்துளையில் முட்டி நிற்கிறது. மரச்சுத்தியால் மூன்று தட்டு. மூன்றாவது தட்டில் ஒலி மாறுகிறது: கலகலப்பான ஒலி அடங்கி மந்தமாகிறது. கை நிற்கிறது.
குரல்: "ஒலி மந்தமானதும் நிறுத்துங்கள். இன்னும் ஒரு தட்டு என்று ஆசைப்பட்டால், மூங்கில் ஊறும்போது கொட்டாங்குச்சி பிளக்கும். வெளியே நீட்டிய முனையை அறுத்துத் தேயுங்கள்."

02:20 – 02:38 | கடிகாரம் நின்று, 'மறுநாள்' என்று மாறுகிறது
காட்சி: கொதிக்கும் நீரில் அகப்பை மூழ்கியிருக்கிறது, நீர் தேநீர் நிறமாகிறது. அடுத்த காட்சியில் நிழலில் உலர்கிறது. பிறகு துணியில் நனைத்த எண்ணெய் அதன் மேல் படர்கிறது.
குரல்: "பத்து நிமிடம் கொதிக்க வைத்தால் தூளும் வாடையும் போய்விடும். ஒரு நாள் நிழலில் உலர்த்தி, தேங்காய் எண்ணெய் தடவி, ஓர் இரவு விடுங்கள். வார்னிஷ் பளபளக்கும்தான், ஆனால் வாயில் படும் பொருளுக்கு நான் அதைப் பூச மாட்டேன்."

02:38 – 02:55
காட்சி: திரை ஒரு விநாடி இருள்கிறது. சன்னலோர வெளிச்சத்தில் அகப்பை மெல்லச் சுழல்கிறது. ஏறக்குறையக் கறுத்த பரப்பில் பொன்னிற வரிகள் ஓடுகின்றன, வெளிர்மஞ்சள் கைப்பிடி அதைக் குறுக்கே கடந்து நிற்கிறது. உடைந்த முதல் கொட்டாங்குச்சி பக்கத்தில் ஒரு நொடி தெரிந்து மறைகிறது. மண்சட்டியிலிருந்து கஞ்சி அள்ளப்படுகிறது. அகப்பை நிறையாமல், துளைக்குக் கீழேயே கஞ்சி நிற்கிறது. பிறகு துளை மூழ்கும் வரை மீண்டும் ஒருமுறை அள்ளப்படுகிறது. எதிர்த்துளையின் மேல் காட்சி நெருங்கி மூன்று விநாடி காத்திருக்கிறது. ஒரு சொட்டும் கசியவில்லை.
குரல்: "ஒழுகவில்லை."
காட்சி: கஞ்சி வெண்கலக் கிண்ணத்தில் ஊற்றப்படுகிறது. ஊற்றும் ஒலியோடு காணொளி முடிகிறது.