ஆறாம் வகுப்பு 'ஆ' பிரிவு வகுப்பாசிரியர் அவர்களுக்கு

குமாரபாளையம்
18.7.2025, வெள்ளிக்கிழமை

டீச்சருக்கு வணக்கம்ங்க.

நான் தருணின் அம்மா. வகுப்பில் அவனுக்கு நடக்கும் சில விஷயங்களை உங்கள் காதில் போட்டுவைக்கத்தான் இதை எழுதுகிறேன். யார் மேலும் புகார் இல்லை. அவன் சொன்னதையும் நான் பார்த்ததையும் தனித்தனியாகவே எழுதியிருக்கிறேன்.

தருணுக்குச் சின்ன வயதிலிருந்தே பேச்சு கொஞ்சம் திக்கும். அவசரப்பட்டால் அதிகமாகும், நிதானமாக இருந்தால் குறையும். ஜூனில் பள்ளி திறந்த புதிதில் ஒன்றும் இல்லை. கொஞ்ச நாளாக, பாடம் வாசிக்க அவன் எழுந்து நின்றால் பின்னாலிருந்து இரண்டு மூன்று பேர் மெதுவாக 'தடக் தடக்' என்று தறி ஓடுகிற மாதிரி சத்தம் கொடுக்கிறார்களாம். 'ஓட்டைத்தறி' என்று பட்டப்பெயரும் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குக் கேட்காதபடி, அவன் காதுக்கு மட்டும் எட்டுகிற மாதிரிதான் செய்கிறார்கள் என்கிறான். அதனால் இது உங்கள் கவனத்துக்கு வராமல் போனதில் ஆச்சரியமே இல்லை.

15ஆம் தேதி, காமராஜர் பிறந்தநாள் விழா அன்று, மதியச் சாப்பாட்டின்போது இவன் தட்டிலிருந்த முட்டையை யாரோ எடுத்துவிட்டார்களாம். தண்ணீர் பிடிக்கப் போய் வந்து பார்த்தால் இல்லை. எடுத்தவரை அவன் பார்க்கவில்லை, அதனால் நானும் யாரையும் சொல்லமாட்டேன். மறுநாள் அவனுடைய சமூக அறிவியல் நோட்டு குழாயடியில் நனைந்து கிடந்திருக்கிறது. நோட்டை நான் பார்த்தேன், மை ஊறி நாலைந்து பக்கம் படிக்கவே முடியவில்லை. தானாக விழுந்ததா, யாராவது போட்டதா, தெரியாது. ஆனால் அன்றைக்கு இவனும் கோபத்தில் ஒரு பையனைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். அதை அவனே சொன்னான். அப்படிச் செய்யக்கூடாது என்று வீட்டில் கண்டித்துவிட்டோம். அடிபட்ட காயம் எதுவும் இவன் உடம்பில் இல்லை. அந்தப் பையனுக்கு ஏதாவது பட்டிருந்தால் சொல்லுங்கள்.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்ததே நேற்று சாயங்காலம்தான். ஆடி ஒன்றுக்குத் தேங்காய் சுடும் நோம்பி. அழிஞ்சிக்குச்சி வெட்டிவந்து, தேங்காய்க்குள் வெல்லமும் அவலும் எள்ளும் அடைத்து எல்லாம் தயார். வருசாவருசம் முதல் ஆளாக நெருப்புப் பக்கத்தில் நிற்கிறவன், இந்த வருசம் வெளியே வரவே மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டான். தெருவில் நெருப்பு மூட்டிய பிள்ளைகளில் இரண்டு பேர் அவன் வகுப்பு. அப்புறம் விசாரித்ததில்தான் ஒவ்வொன்றாக வந்தது.

அந்தப் பிள்ளைகள் எங்களுக்குப் பழக்கமானவர்கள்தான். அவர்கள் வீட்டுப் பெரியவர்களும் எங்களைப் போல தறிப்பட்டறைக்குப் போகிறவர்கள். கெட்ட பிள்ளைகள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை, விளையாட்டாக ஆரம்பித்தது வளர்ந்திருக்கலாம். பெயர்களை இதில் எழுதக்கூடாது என்ற நிபந்தனையோடுதான் தருண் இந்தக் கடிதத்துக்கே சம்மதித்தான். நேரில் கேட்டால் சொல்கிறேன். 'மாணவர் மனசு' பெட்டியில் எழுதிப் போடேன்டா என்று கேட்டதற்கு, என் கையெழுத்து எல்லோருக்கும் தெரியும் என்கிறான்.

முடிந்தால் உங்களிடம் சில உதவிகள். அவனைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு தடவை கேட்டுப்பாருங்கள், என்னிடம் சொல்லாதது ஏதாவது உங்களிடம் சொல்லலாம். அந்தப் பிள்ளைகள் தரப்பையும் கேட்டுக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் இடம் மாற்றுகிற சமயத்தில் அவனை முன்பக்கம் உட்காரவைத்தால் நல்லது, அவனை மட்டும் மாற்றினால் அதுவே இன்னொரு பேச்சாகிவிடும். வகுப்பு முன்னால் யாரையும் நிற்கவைத்து மன்னிப்புக் கேட்கச் சொல்ல வேண்டாம்ங்க. அன்றைக்கு அடங்கினாலும் தெருவில் திரும்ப வரும்.

முக்கியமாக ஒன்று. திக்குகிறானே என்று வாசிக்கச் சொல்வதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் தினமும் அரைமணி நேரம் சத்தமாக வாசிக்க வைக்கிறோம், முன்னைக்கு இப்போது நன்றாகவே வருகிறது. இடையில் நின்றால் யாரும் எடுத்துக்கொடுக்காமல் கொஞ்சம் பொறுத்தால் போதும், அவனே முடித்துவிடுவான்.

திங்கட்கிழமை பள்ளி விட்டதும் உங்களைப் பார்க்க வரலாம் என்றிருக்கிறேன். அன்றைக்கு உங்களுக்குச் சௌகரியப்படாவிட்டால் புதன்கிழமை வருகிறேன், அவன் டைரியில் ஒரு வரி எழுதிவிட்டால் போதும். போனில் கூப்பிடுவதாக இருந்தால் மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரைக்குள் கூப்பிடுங்கள். மற்ற நேரம் பட்டறைச் சத்தத்தில் மணி அடிப்பது கேட்காது. நம்பர் அட்மிஷன் பாரத்தில் இருப்பதுதான்.

நோட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்கிக்கொடுத்துவிட்டோம். போன பாடங்களைப் பார்த்து எழுத யாராவது ஒரு பிள்ளையிடம் நோட்டு வாங்கித் தந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதி முடித்துவிடுவான்.

நன்றிங்க.

இப்படிக்கு,
செல்வி
(தருணின் அம்மா)