பிப்ரவரி 28-க்குப் பிறகு உங்கள் கணக்குகளைப் பார்க்கப்போவது ரேவதி

அனுப்புநர்: செந்தில்வேல், ஜிஎஸ்டி மற்றும் வருமான வரிப் பிரிவு, திருப்பூர்
நகல்: ரேவதி
தேதி: 2 பிப்ரவரி 2026

அனைவருக்கும் வணக்கம்.

வருகிற பிப்ரவரி 28, சனிக்கிழமையோடு நான் நம் ஆடிட்டர் அலுவலகத்தில் இருந்து விலகுகிறேன். மார்ச் 1 முதல் உங்கள் ஜிஎஸ்டி, டிடிஎஸ், வருமான வரி வேலைகளை என் இடத்தில் இருந்து ரேவதி பார்ப்பார். கையெழுத்துப் போடுவது அதே ஆடிட்டர்தான். அலுவலகமும் ஃபீஸும் அப்படியே இருக்கும்.

காரணத்தை நீங்கள் ஆள் ஆளாய்ப் போன் செய்து கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு வயதாகிவிட்டது, ஊரில் பக்கத்தில் ஆள் வேண்டும். திண்டுக்கல் பக்கம் ஒரு நூல் மில்லில் கணக்குப் பிரிவில் சேர்கிறேன். தனியாக அலுவலகம் திறக்கும் எண்ணம் இல்லை. அதனால் "அங்கிருந்தே எங்க ஃபைலை மட்டும் பாருங்களேன்" என்று யாரும் கேட்க வேண்டாம். கேட்டால் மறுப்பதற்குச் சங்கடமாக இருக்கும், ஆனாலும் மறுக்கத்தான் செய்வேன்.

ரேவதியை உங்களில் பாதிப் பேருக்கு ஏற்கெனவே தெரியும். "பர்ச்சேஸ் பில் இன்னும் வரலைங்க" என்று மாதா மாதம் விடாமல் கேட்கும் குரல் அவருடையதுதான். ஏற்றுமதி செய்பவர்களின் ரீஃபண்ட் கோப்புகளை இப்போதும் அவர்தான் தயார் செய்கிறார். நான் சரிபார்த்து அனுப்புவதோடு சரி. சென்ற ஆண்டு ஒரு வாடிக்கையாளரின் டையிங் பில்லை எடுத்து வைத்துக்கொண்டு, அந்த ஜாப் ஒர்க் யூனிட்டின் ஜிஎஸ்டி பதிவு ரத்தாகியிருப்பதைப் பணம் போவதற்கு முன்பே கண்டுபிடித்தவர் அவர். எனக்கு அது கண்ணில் படவில்லை, ஏனென்றால் நான் பில்லின் தொகையைத்தான் பார்ப்பேன். அவர் பதிவு எண்ணையும் தட்டிப் பார்ப்பார்.

பழக்கவழக்கத்தில் இரண்டு வித்தியாசங்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். மாதத்தின் 10, 11, 19, 20 தேதிகளில் ரேவதி போன் எடுக்க மாட்டார். மெசேஜ் போட்டு வைத்தால் மாலைக்குள் பதில் வரும். அடுத்தது, நான் "பார்க்கலாங்க" என்று இழுக்கும் இடத்தில் அவர் "முடியாதுங்க" என்று நேராகச் சொல்லிவிடுவார். முதலில் சுருக்கென்று இருக்கலாம். போகப்போக அதுதான் வசதி என்று தெரியும்.

இனி, இந்த மடலிலேயே முக்கியமான விஷயம். தயவுசெய்து இதை மட்டுமாவது முழுதாகப் படியுங்கள்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது எல்லோரும் குழம்பிக்கிடந்தோம். ஓடிபி வந்துகொண்டே இருக்கிறது, உங்கள் நம்பரையே போட்டுவிடுங்கள் என்று பல முதலாளிகள் சொன்னீர்கள். அப்படிப் போட்ட என் சொந்த மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் இன்றைக்கும் பலருடைய போர்ட்டலில் இருக்கின்றன. மார்ச் மாதம் நான் வேறு கம்பெனியின் மேசையில் உட்கார்ந்திருக்கும்போது, உங்கள் ரிட்டர்னுக்கான ஓடிபி என் பாக்கெட்டில் வந்து விழக் கூடாது. பாஸ்வேர்ட் மறந்தால் அதை மாற்றும் ஓடிபியும் அங்கேதான் வரும். துறையில் இருந்து நோட்டீஸ் வந்தால் தகவலும் அங்கேதான் வரும். ஜிஎஸ்டிஆர்-1-இல் காட்டிய வரிக்கும் ஜிஎஸ்டிஆர்-3பி-இல் கட்டிய வரிக்கும் வித்தியாசம் பெரிதாக இருந்தால் வரும் அறிவிப்புக்கு 7 நாளில் பதில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போட முடியாது. அந்தத் தகவல் எனக்கு வந்து, நான் கவனித்து, உங்களைக் கூப்பிட்டு… அதற்குள் 7 நாள் போய்விடும்.

மாற்றுவது கடினம் இல்லை. போர்ட்டலில் உள்ளே போய்

Services > Registration > Amendment of Registration Non-Core Fields

என்ற இடத்தைத் திறந்து, Authorized Signatory பகுதியில் மொபைலையும் மின்னஞ்சலையும் மாற்ற வேண்டும். Promoter / Partners பகுதியிலும் என் எண் இருந்தால் அங்கேயும் மாற்ற வேண்டும். புதிய எண்ணுக்கும் புதிய மின்னஞ்சலுக்கும் தனித்தனியாக ஓடிபி வரும். கடைசியில் Verification பகுதியில் கையெழுத்து. பிரைவேட் லிமிடெட், எல்எல்பி என்றால் டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் கட்டாயம்; மற்றவர்கள் ஓடிபி மூலமே முடிக்கலாம். இதற்கு அதிகாரியின் அனுமதி தேவையில்லை. இடையில் ஏதாவது ஓடிபி என் எண்ணுக்கு வந்தால் உடனே சொல்ல நான் இங்கே இருக்க வேண்டும், பிப்ரவரிக்குள் முடிக்கச் சொல்வது அதனால்தான். வருமான வரிப் போர்ட்டலிலும் தொடர்பு விவரங்களை அப்போதே ஒருமுறை பார்த்துவிடலாம்.

அப்படியே ரேவதி நம்பரைப் போட்டுவிடலாமே என்று சிலருக்குத் தோன்றும். வேண்டாம். உங்கள் சொந்த எண்ணைப் போடுங்கள், அல்லது உங்கள் மகனோ மகளோ கம்பெனியைப் பார்த்துக்கொண்டால் அவர்கள் எண்ணைப் போடுங்கள். ரேவதி கேட்கும்போது ஓடிபியைப் படித்துச் சொல்வது ஒரு நிமிட வேலை. நாளைக்கு அவரும் வேறு ஊருக்குப் போகலாம், இந்த மடலை அவர் மறுபடி எழுதும் நிலை வர வேண்டாம்.

இதையும் கவனத்தில் வையுங்கள்: ஆள் மாறுகிறது என்ற செய்தி பரவினால் அதைப் பயன்படுத்திக்கொள்ளவும் ஆள் இருக்கும். "செந்திலுக்குப் பதிலா வந்திருக்கேன், ஓடிபி சொல்லுங்க" என்று புது எண்ணில் இருந்து யார் கேட்டாலும் சொல்லாதீர்கள். ரேவதி உங்களைக் கூப்பிடுவது நீங்கள் ஏற்கெனவே சேமித்து வைத்திருக்கும் அலுவலக எண்ணில் இருந்து மட்டும்தான். அவருடைய மின்னஞ்சல் முகவரி இந்த மடலின் நகலில் இருக்கிறது.

இந்த மாத வேலைகள் வழக்கம்போல என் பொறுப்பு. ஜனவரிக்கான ஜிஎஸ்டிஆர்-1 பிப்ரவரி 11-க்குள், 3பி 20-க்குள், இரண்டையும் நானே போடுகிறேன். ரேவதி பக்கத்தில் இருப்பார். மார்ச்சில் வரும் பிப்ரவரி மாத ரிட்டர்ன் அவர் கையில். அதற்கான பில்களை மார்ச் 7-க்குள் கொடுத்துவிடுங்கள். நிதியாண்டின் கடைசி மாதம் என்பதால் அவருக்கு முதல் மாதமே நெருக்கடியான மாதம். நாம் கொஞ்சம் ஒத்துழைக்கலாம்.

மார்ச்சில் எல்லோருக்கும் பொதுவானது அட்வான்ஸ் டாக்ஸ். கடைசித் தேதி 15, இந்த ஆண்டு அது ஞாயிற்றுக்கிழமை. 13-ஆம் தேதி வெள்ளிக்கிழமையே கட்டிவிடுங்கள். அப்புறம் சிறு, குறு நிறுவனங்களுக்கு வைத்திருக்கும் பாக்கி. எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாள். அதைத் தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்றும் நிற்குமானால், அந்தச் செலவை இந்த ஆண்டு லாபத்தில் கழிக்க முடியாது. நம் ஊரில் நிட்டிங், பிரிண்டிங், எம்ப்ராய்டரி யூனிட்டுகள் பலவும் உத்யம் பதிவு வைத்திருப்பவை. "பார்ட்டி பணம் வந்ததும் தர்றேன்" என்று தள்ளிப்போடும் பழக்கத்துக்கு இப்போது வரியும் சேர்ந்துகொள்கிறது. யார் யாருக்கு எவ்வளவு என்ற பட்டியலை ரேவதி பிப்ரவரி கடைசியில் உங்களிடம் கேட்பார். டேலியில் இருந்து எடுத்துக் கொடுத்தால் போதும்.

ஏற்றுமதி செய்பவர்களுக்கு: ஐஜிஎஸ்டி கட்டாமல் சரக்கு அனுப்ப நாம் கொடுக்கும் எல்யூடி, மார்ச் 31-உடன் காலாவதியாகிறது. 2026-27-க்குப் புதிதாகப் போட வேண்டும். ஏப்ரல் முதல் வாரத்தில் கன்டெய்னர் கிளம்ப இருப்பவர்கள் இப்போதே ரேவதியிடம் சொல்லி வையுங்கள், உங்களுடையதை முதலில் எடுப்பார். நிலுவையில் உள்ள ரீஃபண்ட் விண்ணப்பங்கள் எந்த நிலையில் இருக்கின்றன என்பதை ஒவ்வொருவருக்கும் தனியாக எழுதுகிறேன்.

ஜாப் ஒர்க்குக்கு நூலும் துணியும் அனுப்புகிறவர்கள் டெலிவரி சலான்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். அனுப்பிய சரக்கு ஓராண்டுக்குள் திரும்பியிருக்க வேண்டும். ஐடிசி-04 படிவத்துக்குக் கடைசித் தேதி ஏப்ரல் 25. சலான் புத்தகத்தை ஏப்ரல் 20-இல் கொண்டுவந்து நீட்டுகிறவர்கள் யார் யார் என்று ரேவதிக்கு நான் சொல்லியிருக்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ரிட்டர்ன் போடும் சிறு யூனிட்காரர்கள், ஏப்ரல் முதல் மாத முறைக்கு மாற விரும்பினால் ஏப்ரல் 30 வரை மாற்றிக்கொள்ளலாம். உங்களிடம் சரக்கு வாங்கும் பெரிய கம்பெனிகள் வரிக் கிரெடிட் தாமதமாகிறது என்று முணுமுணுத்தால், மாறுவதற்கு முன் ரேவதியிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். அந்தந்த மாத பில்லை மட்டும் முன்கூட்டி ஏற்றும் வழி இருக்கிறது. பெரும்பாலும் அதுவே போதும்.

ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறைக்கு வருகிறது. பதற வேண்டாம். 2025-26 வருமானத்துக்கான கணக்கு பழைய சட்டப்படிதான். புதியதில் உங்களுக்கு எது மாறுகிறது என்பதை ஆடிட்டரும் ரேவதியும் உரிய நேரத்தில் விளக்குவார்கள்.

பிப்ரவரி 23 முதல் 27 வரை தினமும் மதியம் 3 மணிக்கு மேல் நானும் ரேவதியும் சேர்ந்து அலுவலகத்தில் இருப்போம். முடிந்தவர்கள் நேரில் வாருங்கள், மொபைலையும் டிஜிட்டல் கையெழுத்து டோக்கனையும் எடுத்துக்கொண்டு வந்தால் போர்ட்டல் மாற்றத்தை அங்கேயே முடித்துவிடலாம். என்னிடம் இருக்கும் டோக்கன்கள் எல்லாவற்றையும் அந்த வாரத்தில் உரியவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு திருப்பித் தருகிறேன். வர முடியாதவர்கள் கம்பெனிக்கு நாங்களே வருகிறோம், எந்த நாள் வசதி என்று மட்டும் இந்த மடலுக்குப் பதிலில் சொல்லுங்கள்.

உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்க அளவில் ஒப்படைப்புக் குறிப்பு எழுதியிருக்கிறேன்: நிலுவையில் உள்ளவை, பழைய நோட்டீஸ்கள், எந்த சப்ளையர் எப்போதும் தாமதமாக பில் ஏற்றுவார், யாரிடம் கேட்டால் உடனே காரியம் ஆகும் என்பது வரை. அது பிப்ரவரி 16-க்குள் உங்களுக்கு வரும். விட்டுப்போனது ஏதாவது இருந்தால் சேர்த்துச் சொல்லுங்கள், ரேவதிக்கு உதவும்.

உங்கள் கம்பெனிகளில் உட்கார்ந்துதான் நான் தொழில் கற்றேன். ஒவ்வொரு மார்ச்சிலும் இரவு பத்து மணிக்குப் பில் கட்டோடு வந்தாலும், கூடவே பரோட்டாவும் வாங்கி வந்தவர்கள் நீங்கள். நன்றி.

அன்புடன்,
செந்தில்வேல்

பி.கு.: டேலி பேக்கப்பை இதுவரை என் பென் டிரைவில் கொடுத்து வந்தவர்கள், இனி அலுவலக மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள். பாஸ்வேர்டுகளை மட்டும் எந்த மின்னஞ்சலிலும் வாட்ஸ்அப்பிலும் அனுப்ப வேண்டாம், ரேவதியிடம் நேரில் கொடுங்கள்.