கூறளவு காணும் கணக்கு: ராமேஸ்வரம் ஆட்டோ ஓட்டுநர்களின் சராசரி நாள் வருமானம்

வினா (20 மதிப்பெண்)

ராமேஸ்வரம் நகரில் ஆட்டோ ஓட்டுபவர்களின் சராசரி நாள் வருமானத்தை மதிப்பிட ஓர் ஓட்டுநர் சங்கம் முடிவு செய்கிறது. கட்டண உயர்வு கேட்டு மனுக் கொடுக்கும்போது நம்பத்தக்க எண் ஒன்று கையில் இருக்க வேண்டும் என்பது அதன் நோக்கம். அன்றைய வசூலிலிருந்து எரிபொருள் செலவையும், வண்டி வாடகைக்கு எடுத்ததாக இருந்தால் அந்த நாள் வாடகையையும் கழித்தபின் கையில் நிற்கும் தொகையே இங்கே வருமானம். அமாவாசையும் திருவிழாவும் இல்லாத நாள்களில் 30 ஓட்டுநர்களிடம் நடத்திய முன்னோட்ட ஆய்வில் வருமானத்தின் திட்ட விலக்கம் ரூ.180 என்று கிடைத்தது.

(அ) மதிப்பீடு உண்மைச் சராசரியிலிருந்து ரூ.25-க்கு மேல் விலகக் கூடாது. நம்பிக்கை அளவு 95%. முழுமைத்தொகுதி மிகப் பெரியது எனக் கொண்டு தேவையான கூறளவைக் காண்க. (6)

(ஆ) நம்பிக்கை அளவை 99% ஆக்கினால் கூறளவு என்ன? (z = 2.576) (3)

(இ) நகரில் மொத்தம் 600 ஓட்டுநர்கள் இருப்பதாகக் கொண்டு (அ)-வின் விடையைத் திருத்துக. (4)

(ஈ) அனுமதிக்கும் பிழையை ரூ.12.50 ஆகக் குறைத்தால், 95% நம்பிக்கை அளவில், 600 பேரைக் கணக்கில் கொண்டு கூறளவைக் காண்க. (3)

(உ) (இ)-யில் கிடைத்த கூறளவுப்படி ஆய்வு நடந்தது. கூறின் சராசரி ரூ.760, திட்ட விலக்கம் ரூ.195. சராசரி வருமானத்துக்கு 95% நம்பிக்கை இடைவெளியைக் காண்க. பிழை ரூ.25-க்குள் அடங்கியதா? காரணம் கூறுக. (4)

விடை

(அ) முதலில் தரவுகளை எடுத்து எழுத வேண்டும். σ = 180, E = 25, 95% நம்பிக்கை அளவுக்கு z = 1.96. இந்த ஒரு வரிக்கு 1 மதிப்பெண் உண்டு. அவசரத்தில் இதை விட்டுவிட்டு நேராகச் சூத்திரத்துக்குப் போகிறவர்கள் பலர்.

சூத்திரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் மனப்பாடம் தேவையில்லை. கூறின் சராசரிக்குத் திட்டப்பிழை σ/√n. உண்மைச் சராசரியிலிருந்து அது விலகும் தூரம், நூற்றுக்கு 95 கூறுகளில் z மடங்கு திட்டப்பிழைக்குள் அடங்கும். அந்தத் தூரம் E-ஐத் தாண்டக் கூடாது என்பதே நமது நிபந்தனை:

z × σ/√n ≤ E

இதை n-க்காக மாற்றி எழுதினால்,

n ≥ (z × σ / E)²

எண்களை இடுவோம்.

n ≥ (1.96 × 180 / 25)² = (352.8 / 25)² = (14.112)² = 199.15

ஆகவே தேவையான கூறளவு 200.

199.15-ஐ 199 என்று முழுமையாக்கினால் 1 மதிப்பெண் போகும். அது வெறும் விதிக்காக அல்ல. n = 199 என்று எடுத்துப் பிழையைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 352.8 / √199 = 25.01. நிபந்தனை ஒரு காசு அளவில் மீறப்படுகிறது. n = 200 என்றால் 352.8 / √200 = 24.95, நிபந்தனை நிறைவேறுகிறது. கூறளவு காணும் கணக்கில் தசமம் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் அடுத்த முழு எண்ணுக்கு ஏற்றியே எழுத வேண்டும். இந்தச் சரிபார்ப்பை இரண்டு வரியில் எழுதிக் காட்டும் மாணவரின் விடைத்தாள் தனியாகத் தெரியும்.

வினாவில் σ கொடுக்கப்பட்டிருப்பதால் வேலை எளிதாகிவிட்டது. களத்தில் இறங்கும்போது அதைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். முன்னோட்ட ஆய்வு நடத்த வசதி இல்லாவிட்டால், அனுபவமுள்ள ஓட்டுநர்களிடம் மிகக் குறைந்த நாள் வருமானம், மிக அதிக நாள் வருமானம் இரண்டையும் கேட்டு, வித்தியாசத்தை 4-ஆல் வகுத்துக்கொள்ளும் வழக்கம் உண்டு. ரூ.400 முதல் ரூ.1,200 வரை என்று சொன்னால் 800 / 4 = 200. அதை வைத்தால் (1.96 × 200 / 25)² = 245.86, அதாவது 246 பேர். σ 20 ரூபாய் கூடியதற்கு 46 பேர் கூடிவிட்டார்கள். கூறளவு σ-வின் வர்க்கத்தோடு ஏறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

முன்னோட்ட ஆய்வை எந்த நாளில் நடத்தினோம் என்பதும் இதனால்தான் முக்கியம். ஆடி அமாவாசை, தை அமாவாசை நாள்களில் அக்னி தீர்த்தத்தில் நீராட வரும் கூட்டத்தில் ஓர் ஓட்டுநர் ஈட்டுவது ஒரு கணக்கு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நிற்கும்போது, மீனவக் குடும்பங்களின் சவாரியை நம்பியிருப்பவர் ஈட்டுவது வேறு கணக்கு. இரண்டையும் ஒரே பையில் போட்டால் σ பெருகும். அதோடு, கிடைக்கும் சராசரி எந்த நாளுக்கு உரியது என்று யாராலும் சொல்ல முடியாது. வினாவில் ‘அமாவாசையும் திருவிழாவும் இல்லாத நாள்களில்’ என்று இருப்பதைக் கவனியுங்கள். நமது விடையும் அந்த நாள்களுக்கு மட்டுமே பொருந்தும்.

(ஆ) z மட்டும் மாறுகிறது.

n ≥ (2.576 × 180 / 25)² = (18.5472)² = 343.9986

கூறளவு 344. அட்டவணையிலிருந்து 2.58 என்று எடுத்தால் 345.07 வந்து, விடை 346 ஆகிவிடும். வினாவில் மதிப்பு கொடுக்கப்பட்டிருக்கும்போது அதையே பயன்படுத்த வேண்டும்.

(இ) முழுமைத்தொகுதி சிறியதாக இருக்கும்போது, அதில் கணிசமான பங்கை நாம் நேரில் கேட்டுவிடுகிறோம். 600 பேரில் 200 பேர் என்பது மூன்றில் ஒரு பங்கு. கேட்காமல் விட்டவர்களைப் பற்றி மட்டுமே ஐயம் மீதியிருப்பதால், அதே துல்லியத்துக்குக் குறைவானவர்கள் போதும். திருத்தச் சூத்திரம்:

n = n₀ / (1 + (n₀ − 1)/N)

இங்கே n₀ = 199.15 (முழுமையாக்குவதற்கு முந்தைய மதிப்பு), N = 600.

n = 199.15 / (1 + 198.15/600) = 199.15 / 1.33025 = 149.71

தேவையான கூறளவு 150. சில நூல்களில் (n₀ − 1) இருக்கும் இடத்தில் n₀ இருக்கும். அப்படி எழுதினால் 149.52 வரும், விடை அதே 150. இரண்டுக்கும் முழு மதிப்பெண். ஆனால் n₀-ஐ இடையிலேயே 200 ஆக்கிவிட்டுத் தொடர வேண்டாம். முழுமையாக்குவது கடைசிப் படியில் ஒரே ஒரு முறைதான்.

வினா கேட்காததாக இருந்தாலும் சங்கத்துக்குத் தேவையான ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வருமானத்தைச் சொல்ல எல்லோரும் முன்வர மாட்டார்கள். பத்தில் ஒருவர் மறுப்பார் என்று எதிர்பார்த்தால் 150 / 0.9 = 166.67, 167 பேரை அணுகத் திட்டமிட வேண்டும்.

அந்த 167 பேர் யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இந்தச் சூத்திரங்கள் அனைத்தும் எளிய சமவாய்ப்புக் கூறெடுப்பை அடிப்படையாகக் கொண்டவை. 600 பேரில் ஒவ்வொருவருக்கும் தேர்ந்தெடுக்கப்படும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். காலை பத்து மணிக்குக் கோயில் கிழக்கு வாசலில் நின்று, எதிரில் நிற்கும் ஆட்டோக்காரர்களிடம் கேட்டுக்கொண்டே போனால் அந்தச் சமவாய்ப்பு கெட்டுவிடும். அந்த நேரத்தில் தனுஷ்கோடிக்கும் அரிச்சல்முனைக்கும் நீண்ட சவாரி எடுத்துப் போனவர் நிறுத்தத்தில் இருக்க மாட்டார். அன்றைக்கு நல்ல வருமானம் பார்க்கிறவர் பெரும்பாலும் அவர்தான். சவாரி கிடைக்காமல் காத்திருப்பவரே நம் கண்ணில் படுவார். இப்படி எடுத்த கூறு சராசரியைக் குறைத்துக் காட்டும். இப்படி 150 பேருக்குப் பதில் 300 பேரைக் கேட்டாலும் அந்தச் சாய்வு தீராது, ஏனெனில் n கூடினால் குறைவது திட்டப்பிழை மட்டுமே. ஓட்டுநர் பட்டியலுக்கு 001 முதல் 600 வரை எண் இட்டு, சமவாய்ப்பு எண் அட்டவணையிலிருந்து பெயர்களை எடுத்து, பஸ் நிலையமானாலும் ரயில் நிலையமானாலும் வீடானாலும் அவர்களைத் தேடிப் போவதே வழி. அலைச்சல் அதிகம்தான். ஆனால் மனுவில் எழுதப்போகும் எண்ணை ஒருவர் எழுந்து கேள்வி கேட்டால் நிற்க வேண்டுமே!

(ஈ) E பாதியானால் n₀ நான்கு மடங்காகும்.

n₀ = (1.96 × 180 / 12.5)² = (28.224)² = 796.59

இருப்பதே 600 பேர், 797 பேரை எங்கே தேடுவது என்று இந்த இடத்தில் கணக்கை அடித்துவிட்டு மீண்டும் தொடங்குகிறவர்கள் உண்டு. அடிக்க வேண்டாம், கணக்கு சரி. n₀ என்பது எல்லையற்ற தொகுதிக்கான எண். திருத்தத்துக்குப் பிறகு அது N-ஐத் தாண்டாது.

n = 796.59 / (1 + 795.59/600) = 796.59 / 2.32598 = 342.47

கூறளவு 343. பிழையைப் பாதியாக்க 193 பேர் கூடுதலாகத் தேவைப்படுகிறார்கள்.

(உ) n = 150, N = 600, சராசரி 760, s = 195.

திட்டப்பிழை = (195/√150) × √((600 − 150)/(600 − 1))
= 15.922 × 0.8668 = 13.80

பிழை எல்லை = 1.96 × 13.80 = 27.05

95% நம்பிக்கை இடைவெளி: 760 ± 27.05, அதாவது ரூ.732.95 முதல் ரூ.787.05 வரை.

பிழை ரூ.25-க்குள் அடங்கவில்லை, ரூ.2.05 கூடிவிட்டது. கூறளவைத் திட்டமிட்டபோது σ = 180 என்று கொண்டோம்; களத்தில் கிடைத்தது 195. முப்பது பேரிடமிருந்து பெற்ற திட்ட விலக்கமும் ஒரு மதிப்பீடுதான், அதற்கும் தன் பங்குக்கு ஏற்ற இறக்கம் உண்டு. 195 என்பதை முன்பே அறிந்திருந்தால் n₀ = (1.96 × 195 / 25)² = 233.72 ஆகி, திருத்தத்துக்குப்பின் 168.40, அதாவது 169 பேர் தேவைப்பட்டிருப்பார்கள்.

இடைவெளி கண்டதற்கு 2 மதிப்பெண், பிழை அடங்கவில்லை என்றதற்கு 1, முன்னோட்டத் திட்ட விலக்கம் குறைவாக இருந்ததே காரணம் என்று எழுதியதற்கு 1. ‘95% ஓட்டுநர்கள் ரூ.733-க்கும் ரூ.787-க்கும் இடையே ஈட்டுகிறார்கள்’ என்று விளக்கம் எழுதியிருந்தால் இடைவெளிக்கு உரிய 2 மதிப்பெண்ணில் 1 குறைக்கப்படும். இடைவெளி சொல்வது 600 பேரின் சராசரியைப் பற்றி. தனி ஓட்டுநரின் வருமானம் திட்ட விலக்கம் 195 காட்டும் அளவுக்கு அதைவிட வெகுதூரம் பரந்து கிடக்கிறது.