கணக்கு எண் 40773192: மூடிவிட்டு மீதி 214.60 பவுண்ஸை அனுப்பவும்

12 மே 2025

வாடிக்கையாளர் சேவைப் பிரிவினருக்கு வணக்கம்.

போன வெள்ளிக்கிழமை தொலைபேசியில் என்னோடு பேசியவர் ஒரு தமிழ்ப் பிள்ளை. "தமிழிலேயே எழுதி அனுப்புங்கோ ஐயா, நான் பார்த்து உரிய பகுதிக்குக் குடுக்கிறன்" என்றார். அதனால்தான் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

விஷயம் இரண்டுதான். param_harrow61 என்ற பெயரில் உங்களிடம் உள்ள என் பந்தயக் கணக்கை நிரந்தரமாக மூட வேண்டும். அதில் கிடக்கும் 214.60 பவுண்ஸ் என் வங்கிக்கு வர வேண்டும்.

எந்தச் சூதாட்டத் தளமும் என்னை உள்ளே விடக் கூடாது என்று மே 6 இரவு கேம்ஸ்டாப்பில் ஐந்து வருடத்துக்குப் பதிந்தேன். மறுநாள் முதல் உங்கள் செயலிக்குள் போக முடியவில்லை. அது சரி, அதற்காகத்தானே பதிந்தது. ஆனால் காசும் உள்ளேயே நின்றுவிட்டது. வெள்ளிக்கிழமை கேட்டபோது, "உள்ளே போய் பணம் எடுக்கும் பட்டனை அழுத்துங்கோ" என்று பதில் வந்தது. உள்ளே விடாமல் பூட்டியிருப்பது நீங்கள்தானே என்றதும் இருபது நிமிடம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்துவிட்டு, புதிதாக ஒரு மின்சார பில் வேண்டும் என்றார்கள். அந்தப் பிள்ளையில் குறை சொல்லவில்லை. என் மகள் வயதுதான் இருக்கும், மேலதிகாரி சொன்னதைச் சொல்லியிருப்பார்.

பாஸ்போர்ட்டும் கவுன்சில் டாக்ஸ் பில்லும் 2019 ஆகஸ்டில் கணக்குத் தொடங்கும்போதே வாங்கிச் சரிபார்த்தீர்கள். விலாசம் அன்று முதல் மாறவில்லை. இந்த மார்ச்சில்கூட 60 பவுண்ஸ் எடுத்தேன், ஒரு கேள்வியும் வரவில்லை. முன்பே கேட்டிருக்கக்கூடிய பத்திரத்தை, பணம் எடுக்கும் நேரத்தில் கேட்டு இழுத்தடிக்கக் கூடாது என்று சூதாட்ட ஆணையம் 2019 மே முதல் விதி வைத்திருக்கிறது. உண்மையிலேயே ஏதாவது தேவை என்றால் எது, ஏன் என்று எழுத்தில் தாருங்கள், அனுப்புகிறேன்.

காசை கார்டுக்கு அனுப்ப வேண்டாம். 4471 என்று முடியும் அந்த டெபிட் கார்டு ஏப்ரலில் பஸ்ஸில் தொலைந்து போனது, வங்கியும் அதை ரத்து செய்துவிட்டது. வங்கிக் கணக்கு பழையதுதான், 6038 என்று முடியும். மார்ச்சில் 60 பவுண்ஸ் போனதும் அதற்குத்தான். முழு எண்ணை மின்னஞ்சலில் எழுதப் பயம். உங்களிடம் இருக்கும் எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.

இன்னொன்று. ஜூன் 7 எப்சம் டெர்பிக்கு ஏப்ரலில் 5 பவுண்ஸ் கட்டிய பெட் ஒன்று இன்னும் திறந்திருக்கிறது. அதை ரத்து செய்து 5 பவுண்ஸைத் தந்தாலும் சரி, ஓடவிட்டு வென்றால் அந்தக் காசைப் பிறகு அனுப்பினாலும் சரி. உங்கள் விதி எதுவோ அதைச் சொல்லுங்கள். அதைக் காரணம் காட்டி 214.60ஐ ஜூன் வரை வைத்திருக்க வேண்டாம். 10 பவுண்ஸ் இலவச பெட் ஒன்றும் கிடக்கிறது. அது எனக்கு வேண்டாம், எடுத்துவிடுங்கள்.

ஏன் இவ்வளவு அவசரம் என்று நினைப்பீர்கள். 2019 நவம்பரில் 180 பவுண்ஸ் எடுக்கக் கேட்டிருந்தேன். அது வங்கிக்கு வந்து சேர இரண்டு நாள் ஆகும் என்று காட்டியது. பக்கத்திலேயே 'ரத்து செய்' என்று ஒரு பட்டன். கடை மூடி வந்து, சாப்பாட்டுத் தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினேன். கெம்ப்டன் இரவு ரேஸ், மூன்று ஓட்டம். படுக்கப் போகும்போது 2 பவுண்ஸ் 40 பென்ஸ் மிச்சம். அந்த வசதியை 2021இல் விதி போட்டே நிறுத்திவிட்டார்கள். என்றாலும், கணக்கில் காசு கிடக்கிறது என்று தெரிந்தால் என் கை சும்மா இருக்காது.

ஆகவே 'சிறு இடைவேளை' எதுவும் வேண்டாம். ஐந்து வருடம் முடிந்தபின் நானே போன் எடுத்துக் கெஞ்சினாலும் இந்தக் கணக்கைத் திறக்காதீர்கள். நேற்றுக் காலையும் 'இலவச ஸ்பின்' என்று ஒரு குறுஞ்செய்தி வந்தது. அதையும் நிறுத்துங்கள். அப்புறம், 2019 முதல் நான் போட்டது எவ்வளவு, எடுத்தது எவ்வளவு என்ற முழுக் கணக்கு விவரமும் அனுப்புங்கள். கூட்டிப் பார்க்க மனம் வரவில்லை, ஆனாலும் வேண்டும்.

மே 23 வெள்ளிக்கிழமைக்குள் காசு வந்து சேராவிட்டால், இந்த மின்னஞ்சலையே என் முறைப்பாடாக எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குரிய எட்டு வாரத்தில் தீராவிட்டால், உங்கள் தளத்தின் அடியில் பெயர் போட்டிருக்கும் நடுவர் அமைப்பிடம் கொண்டு போவேன்.

பகலில் கடையில் நிற்பதால் போன் எடுக்க முடியாது. பதிலை இந்த மின்னஞ்சலுக்கே அனுப்புங்கள்.

இப்படிக்கு,
சி. பரமநாதன்
ஹாரோ, லண்டன்